அப்பாவின் இத்தாலிய டிஸ்சார்ஜ் கடிதம்: ஆங்கிலத்தில் எதை எப்படி எழுதுவது?

கேள்வி: நாங்கள் பலெர்மோவில் இருக்கிறோம். 68 வயது அப்பாவுக்குப் போன மாதம் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அடுத்த மாதம் யாழ்ப்பாணம் போகிறார். இனி அங்கேதான் கிளினிக். டிஸ்சார்ஜ் கடிதத்தை நானே ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். சில இடங்களில் தடுமாறுகிறேன். ஃப்ளோமாக்ஸ் என்ற மருந்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். இணையத்தில் அது புரோஸ்டேட் மருந்து என்று இருந்ததால் டாம்சுலோசின் என்று எழுதினேன். மற்ற மருந்துகளுக்கு இலங்கையில் கிடைக்கும் பிராண்ட் பெயர்களைப் போட்டால் வசதியாக இருக்குமா? வால்வு 'ஃபெயிலியர்' என்றும் சிறுநீரகத்தில் ஏதோ என்றும் வருகிறது. வைத்தியர் எங்களிடம் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நீதிமன்றத்தில் சத்தியம் செய்த மொழிபெயர்ப்புத்தான் வேண்டுமா? கடிதத்தின் முக்கியமான வரிகளையும் என் வரைவையும் ஆய்வகத் தாளையும் இணைத்திருக்கிறேன். (ஒரு மகள், பலெர்மோ)

பதில்:

நீங்கள் அனுப்பியவற்றில் இந்த ஒன்பது வரிகளை எடுத்துக்கொள்கிறேன். தடுமாற வைக்கும் இடங்கள் எல்லாம் இவற்றுக்குள்ளேயே இருக்கின்றன.

```
Diagnosi: STEMI anteriore. PTCA + stent medicato su IVA media.
FE 45%. IM lieve.
PCR 3,2 mg/dL; azotemia 48 mg/dL
Terapia alla dimissione:
Cardioaspirin 100 mg 1 cp dopo pranzo
Brilique 90 mg 1 cp ore 8-20 per 12 mesi
Congescor 1,25 mg 1 cp ore 8
Torvast 80 mg 1 cp ore 22
Sospendere Flomax
```

முதலில் அவசரமானது. ஃப்ளோமாக்ஸை டாம்சுலோசின் என்று எழுதியதை இன்றே மாற்றிவிடுங்கள். அமெரிக்காவில் ஃப்ளோமாக்ஸ் என்றால் டாம்சுலோசின், புரோஸ்டேட் வீக்கத்துக்கான மருந்து. இத்தாலியில் அதே பெயரில் விற்பது மோர்னிஃப்ளுமேட் என்னும் வலி, வீக்கக் குளிசை. இரண்டுக்கும் பெயரைத் தவிர எந்த உறவும் இல்லை. இந்தக் குழப்பத்தைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ. 2006-லேயே எச்சரித்தது, அது காட்டிய உதாரணங்களில் இத்தாலிய ஃப்ளோமாக்ஸும் ஒன்று. இணையத்தில் ஆங்கிலத்தில் தேடினால் அமெரிக்க மருந்துதான் முன்னால் வந்து நிற்கும். நீங்கள் தவறிய இடம் அதுதான்.

இந்தப் பிழையின் விளைவு சின்னதல்ல. அப்பா இப்போது அஸ்பிரினும், பட்டியலில் பிரிலிக் என்று உள்ள டிகாக்ரலரும் சேர்த்து எடுக்கிறார். இரண்டுமே இரத்தம் உறைவதைத் தடுப்பவை. அதோடு வலிக்குளிசையும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் கூடும். மாரடைப்பு வந்த இதயத்துக்கும் அந்த வகை மருந்து நல்லதல்ல. வைத்தியசாலை அதை நிறுத்தச் சொன்னதற்கு இந்தக் காரணமே போதும். 'டாம்சுலோசின் நிறுத்தப்பட்டது' என்று படிக்கும் யாழ்ப்பாண வைத்தியருக்கு இந்தச் செய்தி போய்ச் சேராது. அவர் இல்லாத புரோஸ்டேட் நோயைப் பற்றி விசாரிப்பார். முழங்கால் வலி என்று அப்பா சொன்னால், அதே வகையைச் சேர்ந்த வேறொரு வலிக்குளிசையை எழுதிக் கொடுக்கவும் கூடும். வீட்டில் பழைய ஃப்ளோமாக்ஸ் பெட்டியோ பையோ மிச்சம் இருந்தால், அது அப்பாவின் பயணப் பெட்டிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்துப் பெயர்: பிராண்ட் அல்ல, உள்ளே இருப்பது

இலங்கை பிராண்ட் பெயரைப் போடும் யோசனை வேண்டாம். நல்ல நோக்கத்தோடுதான் கேட்கிறீர்கள், ஆனால் அப்படிப் போட்டால் நீங்கள் மொழிபெயர்க்கவில்லை, மருந்து எழுதிக்கொடுக்கிறீர்கள். இத்தாலியில் அப்பா விழுங்கியது எது என்பதுதான் அந்த வைத்தியருக்குத் தெரியவேண்டியது. அங்கே எதைக் கொடுப்பது என்பது அவர் முடிவு. ஆகவே ஒவ்வொரு வரியிலும் முதலில் மருந்தின் சர்வதேசப் பொதுப்பெயர், அதன்பின் அடைப்புக்குறிக்குள் இத்தாலியப் பெட்டியில் உள்ள பெயர். இரண்டும் வேண்டும். பொதுப்பெயர் வைத்தியருக்கு, பிராண்ட் பெயர், அப்பா பையில் கொண்டுபோகும் பெட்டியோடு ஒத்துப்பார்க்க.

பொதுப்பெயரை நினைவிலிருந்தோ தேடுபொறியிலிருந்தோ எடுக்காதீர்கள். பெட்டியிலேயே, பெரிய எழுத்தில் உள்ள பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் அது இருக்கும். பெட்டி இல்லையென்றால் இத்தாலிய மருந்து நிறுவனமான ஐஃபாவின் தரவுத்தளத்தில் பிராண்ட் பெயரை இட்டால், 'பிரின்ச்சீப்பியோ அத்தீவோ' என்ற இடத்தில் வரும். இத்தாலிய மருந்தை இத்தாலியப் பட்டியலில் தேடுவது என்ற இந்த ஒரு பழக்கம் இருந்தாலே ஃப்ளோமாக்ஸ் பிழை வந்திருக்காது.

உங்கள் பட்டியலில் கார்டியோஅஸ்பிரின் என்பது அஸ்பிரின், பிரிலிக் என்பது டிகாக்ரலர், கொஞ்செஸ்கோர் என்பது பிசோப்ரொலோல், தோர்வாஸ்ட் என்பது அட்டோர்வாஸ்டாட்டின். இதில் டிகாக்ரலர் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் பிரிலின்டா என்ற பெயரில் வருகிறது. பிராண்ட் பெயர் மட்டும் எழுதியிருந்தால் ஒரே மருந்தை இரண்டு என்று எண்ணி யாராவது இரண்டையும் கொடுக்க இடமுண்டு.

இத்தாலியப் பொதுப்பெயரின் வாலை வெட்டினால் ஆங்கிலம் வந்துவிடும் என்றும் நம்பவேண்டாம். பிசோப்ரொலோலோ, அட்டோர்வாஸ்டாட்டினா போன்றவற்றுக்கு அது சரிவரும். ஆனால் உங்கள் கடிதத்தின் வேறு பக்கத்தில் நைத்ரோக்ளிச்செரினா இருந்தால், இலங்கை வைத்தியருக்கு அது கிளிசரைல் ட்ரைநைட்ரேட், ஜி.டி.என். இன்னொன்று: இத்தாலியில் அதிகம் எழுதப்படும் ஸ்டீராய்டு பிரெட்னிசோன், நம் பக்கத்தில் பழக்கமானது பிரெட்னிசொலோன். ஒன்றை எழுத்துப்பிழை என்று நினைத்து மற்றதாகத் 'திருத்தி'விடக்கூடாது, அவை இரண்டு வெவ்வேறு மருந்துகள்.

அளவும் நேரமும்

உங்கள் வரைவில் பிசோப்ரொலோலுக்கு எதிரே '1 tablet 8 hours' என்று இருக்கிறது. இத்தாலியில் வாழும் உங்களுக்கு 'ஓரே 8' என்றால் காலை எட்டு மணி என்று நன்றாகத் தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் அப்படி எழுதினால் எந்தத் தாதியும் அதை எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்றுதான் படிப்பார். நாளுக்கு ஒன்று மூன்றாகிவிடும். பிசோப்ரொலோல் நாடித்துடிப்பைக் குறைக்கும் மருந்து. மூன்று மடங்கு கொடுத்தால் துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்கி அப்பா தலைசுற்றி விழலாம். எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று சொல்ல இத்தாலிய வைத்தியர் 'ஒன்யி 8 ஓரே' என்று எழுதியிருப்பார். அதேபோல் பிரிலிக் வரியில் உள்ள '8-20' என்பது எட்டு மணியிலிருந்து இருபது மணிவரை அல்ல. காலை எட்டுக்கு ஒன்று, இரவு எட்டுக்கு ஒன்று. ஆகவே முதலில் நாளுக்கு எத்தனை முறை என்பதைச் சொல்லாகவே எழுதி, நேரத்தை அதன்பின் போடுங்கள்.

அடுத்தது காற்புள்ளி. இத்தாலியர் தசமத்துக்குக் காற்புள்ளி இடுவார்கள். ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி இடுவார்கள். நாம் நேர்மாறு. 1,25 மில்லிகிராமில் அந்தக் காற்புள்ளி நகலில் மங்கிப்போனால் 125 ஆகும். பராசிற்றமோல் வரியில் 1.000 என்று வந்தால் அது ஆயிரம், ஒன்று அல்ல. முழுக் கடிதத்தையும் எழுதி முடித்தபின், எண்களை மட்டும் பார்ப்பதற்கென்று தனியாக ஒருமுறை படியுங்கள். வசனத்தோடு சேர்த்துப் படித்தால் கண் எண்ணைத் தாண்டிப் போய்விடும். மைக்ரோகிராம், இன்சுலின் யூனிட் போன்றவற்றைச் சுருக்காமல் முழுச்சொல்லாக எழுதுங்கள்.

'சொஸ்பெந்தேரே' என்பதற்கு 'suspend' என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்ச நாள் நிறுத்திவைத்துப் பிறகு தொடங்கலாம் என்ற பொருள் அதில் தொனிக்கும். எப்போது மீண்டும் தொடங்குவது என்று கடிதத்தில் ஒன்றும் இல்லாததால் இங்கே 'stop'தான் பொருத்தம்.

நோயின் பெயர்கள்

'ஐ.எம். லியேவே' என்பதை விரித்தால் 'இன்சுஃபிச்சியென்சா மித்ராலிக்கா', லேசானது. இந்த இன்சுஃபிச்சியென்சா எந்த உறுப்போடு வருகிறதோ அதைப் பொறுத்து ஆங்கிலத்தில் மாறும். இதயம், சிறுநீரகம், நுரையீரல் என்றால் 'ஃபெயிலியர்'. வால்வு என்றால் 'ரிகர்ஜிட்டேஷன்', அதாவது வால்வு இறுக மூடாமல் கொஞ்சம் இரத்தம் பின்னால் கசிகிறது. நீங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டதால்தான் 'வால்வு ஃபெயிலியர்' வந்தது. லேசான மைட்ரல் கசிவு எக்கோ ஸ்கானில் மிகச் சாதாரணமாகத் தென்படுவது. வைத்தியர் அதைத் தனியாக எடுத்துச் சொல்லாததில் ஆச்சரியமில்லை. சுருக்கத்தை அப்படியே விட்டாலும் ஆபத்து: ஆங்கில மருத்துவக் குறிப்பில் அதே ஈரெழுத்து, தசையில் போடும் ஊசியைக் குறிக்கும்.

ஐ.வி.ஏ. என்பது இதயத்தின் முன்புற இரத்தக்குழாயின் இத்தாலியப் பெயர்ச்சுருக்கம். ஆங்கிலத்தில் அதே குழாய் லெஃப்ட் ஆன்டீரியர் டிசென்டிங், எல்.ஏ.டி. கடையில் தரும் பில்லிலுள்ள வரிக்கும் இத்தாலியில் அதே மூன்றெழுத்துத்தான். அகராதி மென்பொருளில் போட்டால் சிலவேளை அப்பாவின் ஸ்டென்ட் வற் வரியில் போய் உட்காரும். 'ஸ்டென்ட் மெதிக்காத்தோ' என்பது மருந்து பூசிய ஸ்டென்ட்; ஆங்கிலத்தில் 'medicated stent' என்றாலும் புரிந்துகொள்வார்கள், ஆனால் இதயநோய் வைத்தியர்கள் எழுதுவது ட்ரக் இலூட்டிங் ஸ்டென்ட் என்று. இந்த விவரம் தவறக்கூடாது, ஏனென்றால் இரட்டை மருந்தை எவ்வளவு காலம் கொடுப்பது என்று யோசிக்கும்போது ஸ்டென்ட் எந்த வகை என்றும் பார்ப்பார்கள். எஃப்.ஈ. என்பது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் வீதம்; அதை ஈ.எஃப். என்று திருப்பிப் போட்டால் போதும்.

தலைப்புகளிலும் ஓரிரண்டு. 'அனம்னேசி பத்தோலொஜிக்கா ரெமோத்தா' என்பது முன்னர் இருந்த நோய்களின் வரலாறு. நீங்கள் எழுதிய 'remote pathological' என்பதற்கு ஆங்கிலத்தில் பொருளே இல்லை. 'எசாமே ஒபியெத்தீவோ' என்பது வைத்தியர் உடலைத் தொட்டுப் பார்த்துச் செய்த பரிசோதனை.

பரிசோதனை முடிவுகள்: அந்தச் சிறுநீரக வரி

'அசோத்தெமியா 48' என்பதை நீங்கள் அப்படியே ஆங்கில எழுத்தில் விட்டுவிட்டீர்கள். ஆங்கில மருத்துவத்தில் அந்தச் சொல் ஒரு கோளாறின் பெயர், சிறுநீரகம் சரியாக வேலை செய்யாமல் இரத்தத்தில் கழிவு கூடியிருப்பது. இத்தாலிய ஆய்வகத் தாளில் அது வெறுமனே ஒரு பரிசோதனையின் பெயர்: இரத்த யூரியா. 'கிளிச்செமியா' என்றால் இரத்தச் சர்க்கரை அளவு, 'காலியெமியா' என்றால் பொட்டாசியம் அளவு என்பது போலத்தான் இதுவும்.

ஆனால் இங்கே இன்னொரு படி இருக்கிறது. யூரியாவை முழுதாக அளப்பதும் உண்டு, அதிலுள்ள நைதரசனை மட்டும் அளப்பதும் உண்டு. முழு யூரியாவின் எண் நைதரசன் எண்ணைப்போல் ஏறக்குறைய 2.14 மடங்கு. எதை அளந்தார்கள் என்று அறிய, ஆய்வகத் தாளில் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு வரம்பைப் பாருங்கள். மேல் எல்லை 50-ஐ ஒட்டி இருந்தால் அது முழு யூரியா, அப்பாவின் 48 இயல்பானதுதான். மேல் எல்லை 20-ஐ ஒட்டி இருந்தால் நைதரசன், அப்போது 48 மிக அதிகம். நீங்கள் அனுப்பிய ஆய்வகத் தாளில் 10 முதல் 50 என்று இருக்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் 'urea' என்று எழுதி, அலகையும் வரம்பையும் சேர்த்துவிடுங்கள்.

பி.சி.ஆர். என்றதும் கொரோனா பரிசோதனை நினைவுக்கு வரும். இத்தாலியில் அது உடலில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. எழுத்தைத் திருப்பினால் போதாது, அலகும் முக்கியம். இங்கே டெசிலீற்றருக்கு 3.2 மில்லிகிராம் என்று இருக்கிறது. பல ஆய்வகங்கள் லீற்றர் கணக்கில் தருகின்றன. அந்தக் கணக்கில் இது 32. அலகை விட்டு 3.2 என்று மட்டும் எழுதினால், லீற்றர் கணக்கில் பழகிய வைத்தியர் இயல்பு என்று தாண்டிப்போவார். அதற்காக எண்ணை நீங்களே மாற்றியும் எழுதக்கூடாது. மூலத்தில் உள்ள எண்ணையும் அலகையும் அப்படியே வைத்து, மாற்றிய அளவைச் சதுர அடைப்புக்குள் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகத் தரலாம். எது வைத்தியசாலை சொன்னது, எது நீங்கள் சேர்த்தது என்று படிப்பவருக்கு எப்போதும் தெரியவேண்டும்.

எல்லாம் சேர்ந்து அந்த ஒன்பது வரிகளும் இப்படி வரும்:

```
Diagnosis: Anterior STEMI. PTCA with drug-eluting stent to mid LAD.
EF 45%. Mild mitral regurgitation.
CRP 3.2 mg/dL [= 32 mg/L]; urea 48 mg/dL [lab range 10-50]
Discharge medication:
Aspirin (Cardioaspirin) 100 mg: 1 tablet once daily, after lunch
Ticagrelor (Brilique) 90 mg: 1 tablet twice daily, 08:00 and 20:00, for 12 months
Bisoprolol (Congescor) 1.25 mg: 1 tablet once daily, 08:00
Atorvastatin (Torvast) 80 mg: 1 tablet once daily, 22:00
STOP Flomax [Italian product: morniflumate, an NSAID; not tamsulosin]
```

மூலத்தில் வரி எந்த ஒழுங்கில் இருக்கிறதோ அதே ஒழுங்கு. படிக்க முடியாத கையெழுத்து இருந்தால் ஊகிக்காமல் 'illegible' என்று போடுங்கள். கடிதத்திலேயே பிழை இருப்பதாகப் பட்டால், உதாரணமாக ஒரு பக்கத்தில் 1,25 என்றும் இன்னொரு பக்கத்தில் 2,5 என்றும் இருந்தால், எது சரி என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். வார்டைக் கேட்டு, திருத்திய கடிதத்தை வாங்குங்கள். அப்பாவின் மெதிக்கோ தி பாசே, அதாவது குடும்ப வைத்தியர், மருந்துப் பட்டியலை ஒருமுறை பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. அவர் ஆங்கிலம் அறிந்திருக்கத் தேவையில்லை; பொதுப்பெயர், அளவு, எத்தனை முறை என்ற மூன்றும் அவருக்கு எந்த மொழியிலும் புரியும்.

சத்தியப் பிரமாணமும் மற்றத் தாள்களும்

கிளினிக்கில் காட்டுவதற்கு நீதிமன்ற மொழிபெயர்ப்பு தேவையில்லை. நீங்கள் கேட்பது இத்தாலியில் 'அசெவெராத்சியோனே' எனப்படுவது: மொழிபெயர்ப்பாளர் நீதிமன்ற அலுவலர் முன்னிலையில் சத்தியம் செய்து கையெழுத்திடுவார், பொதுவாக நான்கு பக்கத்துக்கு ஒன்று வீதம் 16 யூரோ முத்திரை ஒட்டவேண்டும். காப்புறுதிப் பணம், விசா, வழக்கு போன்றவற்றுக்குத்தான் அது பயன்படும். அங்கேயும் முதலில் கேட்கும் இடத்தாரிடமே எந்த வகை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தச் சத்தியம், மொழிபெயர்ப்பு மூலத்துக்கு உண்மையானது என்ற மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழி மட்டுமே. நீதிமன்ற அலுவலர் மருந்துப் பெயரைச் சரிபார்ப்பதில்லை. ஃப்ளோமாக்ஸ் பிழை முத்திரையோடும் அப்படியே போயிருக்கும். வைத்தியருக்குக் கொடுக்கும் பிரதியின் அடியில், மகள் மொழிபெயர்த்தது என்று எழுதி, பெயர், திகதி, தொலைபேசி எண் போட்டு, இத்தாலிய மூலத்தின் நகலைப் பின்னால் இணைத்துக் கொடுங்கள்.

அந்தச் செலவையும் அலைச்சலையும் வேறொன்றுக்குப் பயன்படுத்துங்கள். டிஸ்சார்ஜ் கடிதம் ஒரு சுருக்கம்தான். முழுப் பதிவேடான 'கார்த்தெல்லா கிளினிக்கா'வைக் கேட்கும் உரிமை அப்பாவுக்கு இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கச் சட்டத்தின்படி, கையில் இருக்கும் ஆவணங்களைக் கேட்டதிலிருந்து ஏழு நாளுக்குள் தரவேண்டும். பின்னால் சேரவேண்டியவற்றுக்கு 30 நாள்வரை. அப்பா போக முடியாவிட்டால் அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தோடும் இருவரது அடையாள அட்டை நகலோடும் நீங்கள் கேட்கலாம். ஆஞ்சியோகிராம் படங்கள் அடங்கிய சி.டி.யையும் தனியாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் தாளை மட்டும் தந்துவிடுவார்கள். படத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை என்பதால் யாழ்ப்பாண வைத்தியருக்கு உங்கள் பத்துப் பக்கத்தைவிட அது அதிகம் பேசும். ஸ்டென்டின் பெயர், விட்டம், நீளம் எழுதிய அட்டை வைத்தியசாலையில் தந்திருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

டிகாக்ரலர் விஷயத்தில் மட்டும் மொழிபெயர்ப்போடு நிற்காதீர்கள். மாரடைப்புக்குப் பின் முதல் மாதங்களில் அதை இடையில் விட்டால் ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து அடைக்கக்கூடும். புறப்படும் முன்பே யாழ்ப்பாணத்தில் உள்ள உறவினர் ஒருவரை மருந்தகத்தில் பொதுப்பெயர் சொல்லிக் கேட்க வையுங்கள். அங்கே இல்லையென்றால் என்ன செய்வது என்று பலெர்மோ இதயநோய் வைத்தியரிடம் இப்போதே கேட்டு, பதிலைக் கடிதமாக வாங்குங்கள். மாற்று மருந்து எது, எந்த அளவில் தொடங்குவது என்பது வைத்தியர் சொல்லவேண்டியது. மருந்துக் கடைக்காரர் 'இதுவும் அதுபோலத்தான்' என்று தருவதை வாங்கவேண்டாம். முதல் கிளினிக் திகதிக்கு அப்பாலும் சில வாரங்களுக்குப் போதுமான குளிசைகளை, பெட்டியைக் கழற்றாமல், விமானத்தில் கையோடு எடுத்துப்போகும் பையில் வையுங்கள். கடிதத்தின் இரு மொழிப் பிரதிகளும் அதே பையில் இருக்கட்டும்.